ஆஃபர் லெட்டர் கிடைத்தது, முடிவு செவ்வாய்க்கிழமை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஃபர் லெட்டர் வந்ததும் எழுத வேண்டிய முதல் மெயில் நான்கைந்து வரிக்கு மேல் போகாது. "கடிதம் கிடைத்தது, நன்றி, இன்ன தேதிக்குள் முடிவைச் சொல்கிறேன்" என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஆள் தேர்வுப் பிரிவில் பல வருடம் இருந்து இப்படிப்பட்ட மெயில்களைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நான்கைந்து வரியில் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் தேதிதான். கடிதத்தில் நிறுவனம் ஒரு கெடு போட்டிருக்கும். நாம் சொல்லும் தேதி அந்தக் கெடுவுக்கு உள்ளே விழுந்தால் அது வெறும் தகவல். கெடுவைத் தாண்டி விழுந்தால் அது வேண்டுகோள். அந்த வேண்டுகோளுக்குப் பதில் வரும்வரை பழைய கெடு அப்படியே உயிரோடு இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காததால் கைக்கு வந்த வேலை நழுவிப் போவதை நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இங்கே எழுதுவது எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் ஒரு வார அனுபவம். அவர் ஆறு வருடமாகத் தணிக்கை வேலையில் இருப்பவர். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ நிறுவனங்களையோ அடையாளம் காட்டும் விவரங்கள் எதுவும் இதில் இல்லை.

கடிதம்

புதன்கிழமை காலையில் ஹெச்.ஆர். அதிகாரி போனில் கூப்பிட்டு, தேர்வாகிவிட்டதாகச் சொன்னார். மாலை ஐந்து மணி வாக்கில் கடிதம் மெயிலில் வந்தது. ஐந்து பக்க பி.டி.எஃப்., கூடவே ஆன்லைனில் கையெழுத்துப் போடுவதற்கான ஒரு லிங்க். அவருக்குக் கையிருப்பில் இன்னொரு வாய்ப்பும் இருந்தது. வேறொரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று இன்டர்வியூ அடுத்த திங்கட்கிழமை காலை. அந்த இரண்டாவது வேலையின் மேல்தான் அவருக்கு ஆசை கொஞ்சம் அதிகம்.

இரவு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்னு போட்டிருக்காங்க. திங்கக்கிழமைதான் எனக்கு அங்க இன்டர்வியூ. என்ன எழுதறதுன்னே தெரியல."

"முதல்ல எதையும் எழுதாதம்மா. கடிதத்தை முழுசாப் படிச்சியா?" என்று கேட்டேன். சம்பளம் இருந்த பக்கத்தை மட்டும் படித்திருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பதில் எழுதுவதற்கு முன் படிக்க வேண்டியது கடைசிப் பக்கம். போனிலேயே வாசிக்கச் சொன்னேன். மூன்று விஷயம் கிடைத்தது.

முதலாவது, கெடுவின் வாசகம்: வெள்ளிக்கிழமை பணி நேரம் முடிவதற்குள் கையெழுத்திட்ட பிரதி வந்து சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாகவே காலாவதியாகும். "தானாகவே" என்பதை அவர் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தார். இந்தச் சொல் இருந்தால் நிறுவனத்தில் யாரும் மறுப்புக் கடிதம் அனுப்பக்கூடத் தேவையில்லை. மணி ஆனதும் கடிதம் செத்துவிடும்.

இரண்டாவது, கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே இருந்த வரி: மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு ஏற்கிறேன். "கிடைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாமா அக்கா, அப்புறமா யோசிக்கலாம்" என்று அவர் கேட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் போடும் கையெழுத்து கிடைத்ததற்கான ரசீது ஆகாது, சம்மதம் ஆகிவிடும். கடிதம் கிடைத்ததைச் சொல்ல ஒரு மெயில் போதும். லிங்கைத் திறந்து படிக்கலாம். கையெழுத்துப் பட்டனை மட்டும் முடிவு எடுக்கும்வரை தொடக்கூடாது.

மூன்றாவது, பணியில் சேரும் தேதி. கடிதம் வந்த நாளிலிருந்து 45 நாளில் சேர வேண்டும் என்று இருந்தது. அவருடைய இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். இது இன்டர்வியூவிலேயே பேசப்பட்ட விஷயம், கடிதம் தயாரித்தவர் கையில் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சின்னப் பிசகு. ஆனால் பின்னால் பார்க்கப்போவது போல, இதை எப்படி எழுதுகிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

அவர் முதலில் எழுதிய மெயில்

பேசிய பிறகு அவர் ஒரு வரைவு எழுதி எனக்கு அனுப்பினார்:

"வணக்கம். தங்கள் ஆஃபர் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. தங்கள் நிறுவனத்தில் இணைவதை ஆவலோடு எதிர்நோக்குகிறேன். சேரும் தேதியை 60 நாளுக்குப் பிறகு மாற்றித் தர வேண்டும். அடுத்த வாரம் என் முடிவைத் தெரிவிக்கிறேன். நன்றி."

மரியாதையான மெயில். எழுதியவரின் நல்ல எண்ணமும் தெரிகிறது. இதை வாங்கும் ஹெச்.ஆர். மேசையில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரித் தெரியும்.

"இணைவதை ஆவலோடு எதிர்நோக்குகிறேன்" என்பதைப் படித்ததும் அவர் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். டீம் மேனேஜருக்கு "சரி சொல்லிவிட்டார்" என்று செய்தி போகும். இரண்டாம் இடத்தில் வைத்திருந்த விண்ணப்பதாரருக்கு அன்றே மறுப்பு மெயில் போய்விடலாம். அடுத்த வாரம் இவர் "வரவில்லை" என்று சொன்னால் அவர்களுக்கு இரண்டு பேரும் இல்லாமல் போகும். அந்தக் கோபம் நியாயமானதுதான். நன்றியைச் சொல்லலாம், வேலையின் மேல் உள்ள ஆர்வத்தையும் சொல்லலாம், சேர்ந்துவிட்டது போன்ற வாக்கியத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

"அடுத்த வாரம்" என்பதில் ஐந்து வேலை நாள் இருக்கிறது. எழுதியவர் மனதில் அது வெள்ளிக்கிழமை. படிப்பவர் மனதில் திங்கட்கிழமை. புதன்கிழமை வரை பார்த்துவிட்டு ஹெச்.ஆர். போன் செய்வார், இவருக்கு அது நெருக்குவது போலத் தோன்றும். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் மனக்கசப்பு தொடங்குவது இப்படித்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், கெடு வெள்ளிக்கிழமை என்று கடிதம் சொல்லும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று எழுதியது. அவர் இதை ஒரு வாக்குறுதியாக நினைத்து எழுதினார். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர், அடுத்த வாரம் சொல்லியும் இருப்பார். ஆனால் நீட்டிக்கும் உரிமை அவர் கையில் இல்லை. ஹெச்.ஆர். பதில் போடாமல் இருந்துவிட்டால் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை மாலை கடிதம் காலாவதியாகும், திங்கட்கிழமை இவர் இன்டர்வியூவில் இருப்பார், புதன்கிழமை "சரி" என்று எழுதும்போது ஏற்பதற்கு எதுவும் மீதி இருக்காது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் ஒப்பந்தம் படித்த எவருக்கும் தெரிந்த ஒரு பழைய வழக்கு டிக்கின்சன் எதிர் டாட்ஸ். 1874 ஜூன் 10 அன்று டாட்ஸ் என்பவர் தன் வீட்டை 800 பவுண்டுக்கு விற்கத் தயார் என்று டிக்கின்சனுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை, ஜூன் 12, காலை ஒன்பது மணி வரை இந்த வாய்ப்பு திறந்திருக்கும் என்றும் எழுதினார். வியாழக்கிழமையே வேறொருவருக்கு விற்றுவிட்டார். அது டிக்கின்சன் காதுக்கும் வந்தது. அவர் அவசரமாகச் சம்மதக் கடிதம் கொடுக்க அலைந்தார். 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாட்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெள்ளி வரை திறந்து வைப்பதாகச் சொன்னது மட்டும் அவரைக் கட்டாது, அந்த உறுதிக்குப் பதிலாக டிக்கின்சன் எதுவும் கொடுக்கவில்லை என்பது காரணம்.

இதை ஆஃபர் லெட்டருக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று புரியும். கெடு தேதி என்பது "அதுவரை உனக்காகக் காத்திருப்பேன்" என்ற உத்தரவாதமாக எல்லா இடத்திலும் இருப்பதில்லை, "அதற்கு மேல் கிடையாது" என்ற எல்லையாகத்தான் பல இடங்களில் இருக்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் நிலை வேறு. அங்கே சிவில் சட்டத் தொகுப்பின் 145ஆம் பிரிவுப்படி, கட்டுப்பட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லாத வரை, முன்மொழிவு கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர். தான் இருக்கும் நாட்டில் எது நடப்பு என்று தெரிந்துகொள்வது நல்லது. நடைமுறையில் நல்ல பெயரைக் காப்பாற்ற நினைக்கும் நிறுவனங்கள் கெடுவுக்கு முன் ஆஃபரைத் திரும்பப் பெறுவது அபூர்வம். ஆனாலும் அவகாசம் கேட்கும் மெயிலின் தொனி, உரிமையைக் கேட்பது போல இருக்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

சேரும் தேதி விஷயத்துக்கு இன்னொரு வழக்கு பொருந்தும். ஹைட் எதிர் ரெஞ்ச், 1840. ஒரு பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ரெஞ்ச் சொன்னார். ஹைட் 950 தருகிறேன் என்றார். ரெஞ்ச் மறுத்ததும், சரி 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஹைட். நீதிமன்றம், 950 என்று சொன்ன கணத்திலேயே முதல் முன்மொழிவு முடிந்துபோனது என்றது. எதிர் முன்மொழிவு வைப்பது மறுப்பதற்குச் சமம். 1880இல் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில் இதன் மறுபக்கம் தெளிவானது. இரும்பு வாங்க இருந்தவர்கள், பொருளை இரண்டு மாதத்தில் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று தந்தியில் கேட்டார்கள். அது வெறும் விசாரிப்பு, முன்மொழிவு அதனால் சாகவில்லை என்று தீர்ப்பானது.

ஆக, "மாற்றித் தர வேண்டும்" என்று எழுதுவதற்கும் "மாற்ற வாய்ப்பு உண்டா என்று தெரிவிக்க முடியுமா" என்று கேட்பதற்கும் நடுவில் உள்ள தூரம் வெறும் பணிவு சம்பந்தப்பட்டது அல்ல. ஒப்புகை மெயிலில் எதைக் கேட்டாலும் கேள்வியாகக் கேட்பது பாதுகாப்பு. எந்த ஹெச்.ஆர்.-உம் ஒரு தேதி மாற்றத்துக்காக 1840ஆம் வருடத்து வழக்கைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. ஆனால் சம்பளம் பற்றிய கறாரான பேச்சை அவகாசம் கேட்கும் அதே மெயிலில் வைத்தால், "இவருக்கு நம் ஆஃபர் பிடிக்கவில்லை" என்று ஒரு மேனேஜர் முடிவுகட்ட அது போதும். பேரம் இருந்தால் அதைத் தனி மெயிலில், ஒப்புகைக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் தேதி?

அவர் மனதில் இருந்தது அடுத்த வாரக் கடைசி. இரண்டாவது நிறுவனம் இன்டர்வியூ முடிந்து "சுமார் ஒரு வாரத்தில்" பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தது. அதுவரை முதல் நிறுவனத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. "சுமார் ஒரு வாரம்" பத்து நாளாகும், இரண்டு வாரமாகும். அடுத்தவர் கையில் இருக்கும் ஒரு சம்பவத்தை நம்பி நாம் தேதி கொடுத்தால் அந்த வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் இல்லை. அந்த நாள் வந்து, அங்கிருந்து பதில் வராவிட்டால், இரண்டாவது முறையும் அவகாசம் கேட்க நேரும். முதல் முறை கேட்பது எல்லோரும் செய்வது. இரண்டாவது முறை கேட்டால், இவருக்கு இங்கே வர மனமில்லை என்று ஹெச்.ஆர். பக்கம் முடிவு செய்துவிடுவார்கள். நானும் அப்படி முடிவு செய்திருக்கிறேன், பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

அதனால் நான் அவரிடம் கேட்ட கேள்வி வேறு. "அங்கேயிருந்து பதிலே வரலைன்னு வெச்சுக்க. அப்பவும் உன்னால இவங்களுக்கு ஆமா, இல்லைன்னு சொல்ல முடியற முதல் நாள் எது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். திங்கட்கிழமை இன்டர்வியூவில் அந்த மேனேஜரை நேரில் பார்த்துவிடுவார். வேலை என்ன, குழு எப்படி என்பது தெரிந்துவிடும். கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது என்று அங்கே சொல்லி, சீக்கிரம் முடிவு சொல்ல முடியுமா என்றும் கேட்டுவிடலாம். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசினால், பதில் வந்தாலும் வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமை முடிவெடுக்க முடியும். கேட்க வேண்டிய தேதி அப்படிக் கிடைத்தது: செவ்வாய்க்கிழமை மாலை. வெள்ளிக்கிழமையிலிருந்து பார்த்தால் இரண்டே வேலை நாள் கூடுதல். ஒரு வாரம் கேட்பதைவிட இரண்டு வேலை நாள் கேட்பதற்குச் "சரி" என்று சொல்வது நிறுவனத்துக்கு எவ்வளவோ எளிது.

காரணத்தைச் சொல்லலாமா என்று அவருக்குத் தயக்கம். இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது என்று சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்தார். வீட்டில் பேச வேண்டும் என்று மட்டும் எழுதிவிடலாமா என்றார். உண்மையிலேயே வீட்டில் பேசுவதுதான் காரணம் என்றால் எழுதலாம். இல்லாத காரணத்தை எழுதினால் திங்கட்கிழமை ஹெச்.ஆர். போன் செய்து "வீட்டில் பேசினீர்களா" என்று கேட்கும்போது இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் முயற்சி செய்வது ஹெச்.ஆர். துறையில் இருக்கும் யாருக்கும் புதிது இல்லை. நிறுவனத்தின் பெயரையும் சம்பளத்தையும் சொல்லாமல், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒரு சுற்று இருக்கிறது என்று ஒரே வரியில் சொன்னால் போதும். இதனால் எரிச்சலடைந்து ஆஃபரைத் திரும்பப் பெறும் மேனேஜர் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிகக் குறைவு.

அனுப்பிய மெயில்

வியாழக்கிழமை காலை, கடிதம் வந்து ஒரு வேலை நாள் முடிவதற்குள், அதே மெயில் தொடரில் பதிலாக அனுப்பினார். புது மெயிலாக அனுப்பினால் ஹெச்.ஆர். பக்கம் கடிதமும் பதிலும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். தலைப்பு வரியில் பணியின் பெயரும் "ஆஃபர் கிடைத்தது, அவகாச வேண்டுகோள்" என்பதும் சேர்ந்தன. மெயில் இது:

"வணக்கம் மேடம். தணிக்கைப் பிரிவு முதுநிலைப் பணிக்கான ஆஃபர் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. ஐந்து பக்கங்களும் இணைப்பும் சரியாகத் திறக்கின்றன. இந்த வாய்ப்புக்கு மனமார்ந்த நன்றி. குழுவோடு நடந்த உரையாடல்களுக்குப் பிறகு இந்தப் பணியின் மேல் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது.

கடிதத்தில் பதில் தர வெள்ளிக்கிழமை பணி நேர முடிவு வரை கெடு உள்ளது. முன்பே ஒத்துக்கொண்ட ஓர் இறுதிச் சுற்று உரையாடல் திங்கட்கிழமை இருப்பதால், அதை முடித்துவிட்டு உறுதியான பதில் தர விரும்புகிறேன். கெடுவை அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை 5 மணி வரை நீட்டிக்க இயலுமா? அந்த நேரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தெரிவித்துவிடுவேன். நீட்டிக்க இயலாது என்றால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், இப்போதுள்ள கெடுவுக்குள்ளேயே பதில் தருகிறேன்.

ஒரு சந்தேகம்: கடிதத்தில் சேரும் தேதி 45 நாளில் உள்ளது. என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். இதைப் பொருத்தி மாற்ற வாய்ப்பு உண்டா என்று தெரிவிக்க முடியுமா?"

இதில் நான் மிகவும் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது, நீட்டிக்க இயலாது என்றால் இப்போதுள்ள கெடுவுக்குள்ளேயே பதில் தருகிறேன் என்ற வாக்கியம். அது இல்லாவிட்டால் வேண்டுகோள் ஒரு மிரட்டல் போல ஒலிக்கக்கூடும், "அவகாசம் கொடுக்காவிட்டால் வரமாட்டேன்" என்று. அது இருப்பதால் பழைய கெடு இன்னும் நடப்பில் இருப்பதை இவரும் ஒத்துக்கொள்கிறார், பதில் கேட்பதற்கு ஒரு நேரமும் வைக்கிறார். கிழமையோடு தேதியும் மணியும் அவருடைய மெயிலில் இருந்தன. தேதியை மட்டும் இங்கே நீக்கியிருக்கிறேன். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயராக எழுதச் சொன்னேன், ஏனென்றால் 05/06 என்பதை ஒரு நாட்டில் ஜூன் ஐந்து என்றும் இன்னொரு நாட்டில் மே ஆறு என்றும் படிப்பார்கள். வேறு நேர மண்டலத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

மறுபக்கம் நடந்தது

அந்த மெயில் போனதும் ஹெச்.ஆர். அதிகாரி செய்ய வேண்டியிருந்த வேலைகள் எனக்குத் தெரியும், நானே பலமுறை செய்தவை. டீம் மேனேஜரிடம் கேட்க வேண்டும். இரண்டாம் இடத்தில் இருப்பவரை இன்னும் எத்தனை நாள் பதில் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்று பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கான அனுமதி எந்தக் கூட்டத்தில் மறுபடி பார்க்கப்படும் என்று தேட வேண்டும். குறிப்பான மணியோடு ஒரு தேதி கையில் இருந்தால் இந்த மூன்றும் அரைமணி நேரத்து வேலை. "அடுத்த வாரம்" என்று இருந்தால் யாரிடமும் எதையும் கேட்கக்கூட முடியாது.

வியாழக்கிழமை மாலையே பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை முடியாது, அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பணியிட அனுமதிக் கூட்டம் இருக்கிறது, மதியம் 12 மணி வரை தரலாம். சேரும் தேதியை 60 நாளுக்கு மாற்றித் திருத்திய கடிதம் அனுப்புகிறோம். அவ்வளவு தெளிவான பதில். கேட்டதில் ஐந்து மணி நேரம்தான் குறைந்தது. அவர் உடனே ஒரு வரி எழுதினார்: "நன்றி. செவ்வாய்க்கிழமை மதியம் 12 மணிக்குள் என் முடிவு உங்களிடம் இருக்கும்." நீட்டிப்பு எழுத்தில் வந்தது, இவர் வாக்கும் எழுத்தில் போனது. இந்த நொடியில்தான் வேண்டுகோள் வாக்குறுதியாக மாறியது.

பெரும்பாலானவர்கள் இதோடு நிம்மதியாகிவிடுவார்கள். அவரும் ஆனார். வெள்ளிக்கிழமை காலை நான் ஒன்று கேட்டேன்: "அந்த லிங்க்கைத் திறந்து பார். அதுல கெடு என்னன்னு இருக்கு?"

திறந்தார். பக்கத்தின் மேலே "இன்று காலாவதியாகிறது" என்று இருந்தது. ஹெச்.ஆர். மெயிலில் நீட்டித்தார், போர்ட்டலில் நீட்டிக்க மறந்துவிட்டார். திருத்திய கடிதமும் இன்னும் ஏறவில்லை. கையெழுத்து வாங்கும் மென்பொருளுக்கு மெயிலில் நடந்த பேச்சு தெரியாது. நேரம் வந்ததும் அது லிங்க்கை மூடும். சில இடங்களில் கூடவே "விண்ணப்பதாரர் பதில் தரவில்லை" என்ற குறிப்பையும் மேனேஜருக்கு அனுப்பிவிடும். சில மென்பொருள்கள் கெடுவை நம் ஊர் நேரப்படி கணக்கிடாமல் சர்வர் நேரப்படி கணக்கிடும், அதனால் நாம் நினைத்ததற்குச் சில மணி நேரம் முன்பே மூடிவிடவும் கூடும். நீட்டிப்பு மெயில் கையில் இருந்ததால் பிறகு சரிசெய்துகொள்ள முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாரக் கடைசி முழுக்கக் கலக்கத்தோடு கழிந்திருக்கும், திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு அந்த மனநிலையோடு போயிருப்பார்.

அவர் எழுதியது இவ்வளவுதான்: "மேடம், கெடுவைச் செவ்வாய் மதியம் வரை நீட்டித்ததற்கு மீண்டும் நன்றி. கையெழுத்துப் பக்கம் இன்றோடு காலாவதியாவதாகக் காட்டுகிறது. புதிய தேதிக்கு மாற்ற முடியுமா?" பதினொரு மணிக்குள் புது லிங்க் வந்தது. உள்ளே திருத்திய கடிதம், 60 நாள், செவ்வாய்க்கிழமை மதியம். புதிய பி.டி.எஃப்.-ஐ முதலிலிருந்து கடைசி வரை மறுபடி படிக்கச் சொன்னேன். திருத்திய கடிதத்தில் கேட்டது மாறியிருக்கும், கேட்காத ஏதாவதும் சில சமயம் மாறியிருக்கும். இந்த முறை அப்படி எதுவும் இல்லை.

திங்கள், செவ்வாய்

இன்டர்வியூ நன்றாகப் போனது. முடிவில் அவர் நேராகவே சொன்னார், வேறொரு ஆஃபருக்கு நாளை மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு முன் உங்கள் பக்கம் ஏதாவது தெரியுமா என்று. அந்த மேனேஜர் முயற்சி செய்வதாகச் சொன்னார். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து மெயில் வந்தது: இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இந்த வாரக் கடைசிக்கு முன் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் முதல் நிறுவனத்திடம் மறுபடி மூன்று நாள் கேட்கலாமா என்ற ஆசை அவருக்கு வந்தது. கேட்கவில்லை. முதலிலேயே "பதில் வராவிட்டாலும் முடிவு சொல்லக்கூடிய நாள்" என்று பார்த்துத் தேதி கொடுத்திருந்ததால், என்ன செய்வது என்று திங்கட்கிழமை இரவு புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வேலை கிடைக்காமல் போனால் இதையும் விட்டதற்கு வருந்துவோமா என்பது மட்டுமே கேள்வி. வருந்துவோம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஹெச்.ஆர்.-க்கு இரண்டு வரி மெயிலும் அனுப்பினார், ஆஃபரை ஏற்கிறேன், கையெழுத்திட்ட பிரதி போர்ட்டலில் இருக்கிறது என்று. ஏற்றுக்கொண்டதற்கான உறுதி மெயில் நிறுவனத்திலிருந்து பதினொன்றரை மணிக்கு வந்தது. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் நியமனம் உறுதி என்று கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்ததால், இப்போதைய வேலையில் ராஜினாமாவை அன்று கொடுக்கவில்லை. சரிபார்ப்பு முடிந்த தகவல் எழுத்தில் வந்த பிறகே கொடுத்தார். அந்த 60 நாள் அன்றிலிருந்துதான் தொடங்கும் என்பதால் சேரும் தேதி இன்னும் சில நாள் தள்ளிப்போனது. அதையும் இதே முறையில், ஒரு கேள்வியாக, ஒரு தேதியோடு எழுதிக் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது நிறுவனத்துக்கும் அன்றே எழுதினார்: வேறொரு ஆஃபரை ஏற்றுவிட்டேன், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அவர்கள் பார்க்க வேண்டியிருந்த மீதி இரண்டு பேரில் ஒருவருக்கு அது ஒரு வாய்ப்பாக இருந்திருக்கும்.